சராசரி வருமானம் ஏன் நம் வீட்டு வருமானம் போல இருப்பதில்லை

கேள்வி: குடும்ப வருமானம் பற்றிய அறிக்கைகளில் சராசரியை விட்டுவிட்டு இடைநிலையைச் சொல்கிறார்கள். எல்லாருடைய வருமானத்தையும் கூட்டி எண்ணிக்கையால் வகுப்பதுதானே நியாயம்? இடைநிலை என்றால் நடுவில் நிற்கும் ஒரே ஒரு குடும்பத்தைப் பார்த்துவிட்டு மற்ற எல்லாரையும் விட்டுவிடுவது போல இருக்கிறதே?

பதில்:

ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கடைசி வரை இதே கணக்கைத்தான் பிடித்துக்கொண்டு போகப்போகிறேன், அதனால் எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

பதினொரு குடும்பங்கள். மாத வருமானத்தை ஆயிரத்தில் எழுதுகிறேன், எந்த நாட்டுப் பணமாக வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். குறைந்ததில் இருந்து கூடியது வரை வரிசையாக:

14, 18, 21, 24, 27, 30, 34, 39, 45, 58, 75

கூட்டினால் 385. பதினொன்றால் வகுத்தால் 35. இதுதான் கூட்டுச் சராசரி. இடைநிலை என்பது வரிசையில் நடுவில் நிற்பது. பதினொன்றில் நடு ஆறாவது, அதாவது 30. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. யாராவது வந்து "இங்கே ஒரு குடும்பம் எவ்வளவு சம்பாதிக்கும்?" என்று கேட்டால் 30 என்றாலும் சரி, 35 என்றாலும் சரி, பெரிய தவறு ஒன்றும் இல்லை.

இப்போது கடைசிக் குடும்பத்தை மட்டும் மாற்றுகிறேன். 75 சம்பாதித்த குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறது. அந்த இடத்துக்கு மாதம் 2,000 சம்பாதிக்கும் குடும்பம் ஒன்று வருகிறது. மற்ற பத்து வீடுகளில் ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மொத்தம் 2,310 ஆகிறது. சராசரி 210.

இந்த 210 என்ற எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பத்துக் குடும்பங்களில் மிக அதிகம் சம்பாதிப்பது 58. அதைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல் இருக்கிறது இந்தச் சராசரி. பதினோராவது குடும்பமோ 2,000 சம்பாதிக்கிறது, அதற்கும் 210க்கும் சம்பந்தம் இல்லை. ஆக, 210க்குப் பக்கத்தில் ஒரு வீடு கூடக் கிடையாது. கணக்கில் பிழை எதுவும் இல்லை. ஆனால் "இங்கே ஒரு குடும்பம் இப்படித்தான் இருக்கும்" என்று அந்த எண்ணைச் சொன்னால், அது எந்த வீட்டையும் பற்றிய செய்தியாக இருக்காது. இடைநிலை அதே 30. ஆறாவது வீடு ஆறாவது இடத்தில்தான் நிற்கிறது.

சரி, சராசரி ஏன் இப்படி நடந்துகொள்கிறது? சராசரி என்பது ஒரு சமநிலைப் புள்ளி. தராசுத் தண்டில் எடைகளை ஆங்காங்கே தொங்கவிட்டு, எந்த இடத்தில் தாங்கினால் தண்டு சாயாமல் நிற்கும் என்று தேடுவது போன்றது. இந்தப் பதினொரு குடும்பங்களில் அதைச் சரிபார்க்கலாம். முதல் பத்துக் குடும்பங்களும் 210ஐ விட எவ்வளவு குறைவு என்று கூட்டுங்கள்: 196, 192, 189 என்று தொடங்கி 152 வரை. மொத்தம் 1,790. பதினோராவது குடும்பம் 210ஐ விட எவ்வளவு அதிகம்? 2,000இல் 210 போனால் அதுவும் 1,790. பத்துக் குடும்பங்களின் குறையை ஒரு குடும்பத்தின் மிகுதி தனியாக நின்று ஈடுகட்டுகிறது. ஒரு குடும்பம் தொலைவில் போகப் போக, தண்டின் தாங்கு புள்ளியும் அதைத் தேடிக்கொண்டு போயாக வேண்டும். அந்தக் குடும்பம் 2,000க்குப் பதில் 20,000 சம்பாதித்தால் சராசரி ஆயிரத்து எண்ணூறைத் தாண்டிவிடும். இழுக்கும் தூரத்துக்கு எல்லையே கிடையாது.

இடைநிலை தூரத்தைக் கேட்பதில்லை, பக்கத்தை மட்டும் கேட்கிறது. "நீ எனக்கு மேலேயா, கீழேயா?" அவ்வளவுதான். 75 சம்பாதித்தவரும் மேலே, 2,000 சம்பாதிப்பவரும் மேலே. இரண்டு பேருடைய பதிலும் ஒன்றே, அதனால் நடு நகரவில்லை.

உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தத் தயக்கம் பலருக்கும் உண்டு. இடைநிலை நடுவில் உள்ள ஒரே குடும்பத்தை மட்டும் பார்ப்பதில்லை. ஆறாவது குடும்பம் ஆறாவது என்று எப்படித் தெரிந்தது? மீதிப் பத்துக் குடும்பங்களும் வரிசையில் நின்று, ஐந்து இந்தப் பக்கம், ஐந்து அந்தப் பக்கம் என்று காட்டியதால்தான் தெரிந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ஓட்டு. எல்லா ஓட்டுக்கும் ஒரே மதிப்பு. சராசரியில் ஓட்டு குடும்பத்துக்கு இல்லை, பணத்துக்கு. 2,000 கொண்டு வருபவரின் குரல், 20 கொண்டு வருபவரின் குரலைப் போல நூறு மடங்கு.

இந்த ஓட்டு என்ற சொல் நான் கண்டுபிடித்தது இல்லை. ஆங்கிலேயப் புள்ளியியலாளர் பிரான்சிஸ் கால்டன் ஒரு கால்நடைக் கண்காட்சியில் நடந்த போட்டியின் சீட்டுகளை வாங்கிப் பார்த்து 1907இல் எழுதினார். ஒரு மாட்டின் இறைச்சி எடை எவ்வளவு இருக்கும் என்று மக்கள் ஊகித்து எழுதியவை. பயன்படுத்தத்தக்க சீட்டுகள் 787. அவற்றை வரிசைப்படுத்தி நடுவில் இருந்ததை எடுத்தார்: 1,207 பவுண்டு. உண்மையான எடை 1,198. அவர் இடைநிலையை எடுத்ததற்குச் சொன்ன காரணம்தான் நமக்கு முக்கியம். ஒரு குழு ஏதாவது ஒரு தொகையை முடிவு செய்ய வேண்டும் என்றால், சராசரி எடுப்பது தாறுமாறாகச் சொல்பவருக்குத்தான் அதிக அதிகாரம் கொடுக்கும். நடு மதிப்பை எடுத்தால் பாதிப் பேர் அது அதிகம் என்பார்கள், பாதிப் பேர் குறைவு என்பார்கள், அதனால் வேறு எந்த எண்ணை முன்வைத்தாலும் பெரும்பான்மை அதற்கு எதிராக நிற்கும். வருமானத்தில் யாரும் தாறுமாறாகச் சொல்லவில்லை, 2,000 சம்பாதிப்பவர் உண்மையாகவே சம்பாதிக்கிறார். ஆனாலும் ஒரு குடும்பத்தின் தொலைவு மற்ற பத்தின் விவரத்தை அழித்துவிடக் கூடாது என்ற தர்க்கம் அப்படியே பொருந்துகிறது.

"வழக்கமான குடும்பம்" என்ற சொல்லுக்கு ஒரு துல்லியமான பொருள் கொடுத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். இந்தப் பதினொரு வீடுகளில் ஏதோ ஒரு கதவைத் தட்டப்போகிறீர்கள். எந்தக் கதவு என்று தெரியாது. தட்டுவதற்கு முன் அந்த வீட்டு வருமானம் எவ்வளவு என்று ஒரே ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். எந்த எண் சொன்னால் மொத்தத்தில் தவறு குறைவாக இருக்கும்?

210 என்று சொன்னால், பதினொரு வீட்டுக்கும் சேர்த்து மொத்தத் தவறு 3,580. 30 என்று சொன்னால் 2,072. இந்த 2,072இல் 1,970 அந்தப் பணக்கார வீட்டுக்கு மட்டுமே உரியது. மீதிப் பத்து வீடுகளுக்கும் சேர்த்து 102தான். அதாவது அந்தப் பத்து வீடுகளில் எதைத் தட்டினாலும், 30 என்ற ஊகம் சராசரியாகப் பத்து அளவுக்குத்தான் தவறும். 210 என்று சொன்னாலோ 179 தவறும். இருபதும் முப்பதும் சம்பாதிக்கும் வீடுகளைப் பற்றிப் பேசும்போது 179 தவறு என்றால் அது ஊகமே இல்லை.

30ஐ விட நல்ல எண் ஏதாவது இருக்குமா என்று கேட்கலாம். இருக்காது, அதற்கான காரணம் அழகானது. 30இல் இருந்து 31க்கு நகர்ந்து பாருங்கள். மேலே உள்ள ஐந்து வீடுகளுக்கு நீங்கள் ஒன்று நெருங்குகிறீர்கள். 30 வரை உள்ள ஆறு வீடுகளிடம் இருந்து ஒன்று விலகுகிறீர்கள். நிகரமாக ஒன்று நட்டம். 29க்கு இறங்கினாலும் இதே கதைதான், எதிர்ப்பக்கமாக. நடுவில் நிற்கும்போது மட்டும்தான் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் நட்டம். தவறின் அளவை அப்படியே கூட்டினால் இடைநிலை வெல்கிறது. தவறை வர்க்கமாக்கிக் கூட்டினால் சராசரி வெல்லும், ஏனென்றால் வர்க்கமாக்கும்போது ஒரே ஒரு பெரிய தவறு மற்ற எல்லாத் தவறுகளையும் விழுங்கிவிடும். பள்ளியில் இரண்டையும் "மைய அளவைகள்" என்று ஒரே அத்தியாயத்தில் படித்துவிடுகிறோம். அவை இரண்டு வேறு கேள்விகளுக்கான பதில்கள் என்று அப்போதே யாராவது சொல்லியிருக்கலாம் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

அப்புறம், வருமானத்தில் மட்டும் இந்தச் சிக்கல் ஏன் இவ்வளவு பெரிதாக வருகிறது? மனிதர்களின் உயரத்தை எடுத்தால் சராசரியும் இடைநிலையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். யாரும் மற்றவரைப் போல நூறு மடங்கு உயரமாக இருப்பதில்லை. வருமானத்துக்கு மேலே கூரை கிடையாது, கீழேயோ பூஜ்ஜியம் என்ற தரை இருக்கிறது. நட்டம் வந்தால் பூஜ்ஜியத்துக்குக் கீழும் போகலாம், ஆனால் அது சிலருக்குத்தான். இன்னொரு காரணம், வருமானம் கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் சதவீதத்தில் நடக்கிறது. சம்பள உயர்வு சதவீதம், வட்டி சதவீதம், தொழில் வளர்ச்சி சதவீதம். பெருக்கலில் வளரும் எதுவும் ஒரு பக்கமாக நீண்டுகொண்டே போகும்.

இதை ஒரு பொம்மைக் கணக்கில் பார்க்கலாம். எல்லாக் குடும்பங்களும் 100இல் தொடங்குகின்றன. ஒவ்வோர் ஆண்டும் பாதிக் குடும்பங்களுக்கு வருமானம் ஒன்றரை மடங்காகிறது, பாதிக்குப் பாதியாகிறது. யாருக்கு எது என்பது காசு சுண்டுவது போல. இரண்டு ஆண்டு கழித்து நான்கு வகைக் குடும்பங்கள் இருக்கும்: இரண்டு முறையும் ஏறியவர் 225, ஏறி இறங்கியவர் 75, இறங்கி ஏறியவரும் 75, இரண்டு முறையும் இறங்கியவர் 25. சராசரி இன்னும் 100. இடைநிலை 75. நாலில் மூன்று பங்கு குடும்பங்கள் சராசரிக்குக் கீழே வந்துவிட்டன. இத்தனைக்கும் யாருக்கும் தனிச் சலுகை இல்லை, எல்லாருக்கும் ஒரே விதி.

பத்து ஆண்டு ஓட விட்டால் 1,024 வழிகள் வரும், ஒவ்வொரு வழிக்கும் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி அப்போதும் 100. நடுக் குடும்பம் ஐந்து முறை ஏறி ஐந்து முறை இறங்கியது, அதன் வருமானம் 24க்குச் சற்றுக் குறைவு. பத்து முறையும் ஏறிய ஒரே ஒரு குடும்பம் 5,700க்கு மேல். 1,024இல் 848 குடும்பங்கள் சராசரிக்குக் கீழே. உண்மையான வருமானம் இவ்வளவு வேகமாக ஏறி இறங்காது, அதனால் எண்களை விட்டுவிடுங்கள், வடிவத்தை மட்டும் பாருங்கள். பெரும்பான்மை இடது பக்கம் குவிகிறது, சிலர் வலது பக்கம் நீண்ட வாலாகப் போகிறார்கள், அந்த வால் சராசரியைப் பிடித்துத் தன் பக்கம் இழுக்கிறது. புள்ளியியலில் இதை வலப்பக்கக் கோட்டம் என்பார்கள். வருமானத்தின் இந்த நீண்ட வாலை 1890களிலேயே பொருளியலாளர் வில்ஃபிரெடோ பரேட்டோ வரிப் பதிவுகளில் இருந்து எடுத்துக் காட்டினார்.

நிஜ உலகில் இடைவெளி எவ்வளவு இருக்கும் என்று தெரிய ஒரு எடுத்துக்காட்டு போதும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் 2023ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட இடைநிலைக் குடும்ப வருமானம் 80,610 டாலர். அதே ஆண்டுக்கான கூட்டுச் சராசரி அதைப் போலச் சுமார் 1.4 மடங்கு. நம் பதினொரு வீட்டுக் கணக்கின் ஏழு மடங்கு வித்தியாசம் மிகையானது, பாடத்துக்காக நான் போட்டது. ஆனால் ஒரு முழு நாட்டின் அளவில் 40 சதவீத இடைவெளி என்பது சின்ன விஷயம் இல்லை. சராசரியை "சாதாரணக் குடும்பத்தின் வருமானம்" என்று எடுத்துக்கொண்டால், நாட்டின் பெரும்பான்மைக் குடும்பங்கள் தாங்கள் சாதாரணத்தைவிடத் தாழ்ந்து இருப்பதாக நினைக்க வேண்டி வரும்.

இதுவரை சொன்னது ஓர் ஆண்டின் படம். மாற்றத்தை அளக்கும்போதுதான் சராசரி இன்னும் அதிகமாக வழி தவற வைக்கிறது. நம் கணக்குக்கே திரும்புவோம். அடுத்த ஆண்டு பத்துக் குடும்பங்களுக்கும் வருமானம் அப்படியே நிற்கிறது. பதினோராவது குடும்பத்துக்கு மட்டும் 2,000இல் இருந்து 2,440 ஆகிறது. சராசரி 210இல் இருந்து 250. "குடும்ப வருமானம் 19 சதவீதம் உயர்ந்தது" என்று தலைப்புப் போடலாம், கணக்குப்படி பொய் இல்லை. பதினொன்றில் பத்து வீடுகளில் எதுவுமே நடக்கவில்லை.

இதைத் திருப்பிப் போடுங்கள். பணக்காரக் குடும்பம் 2,000இலேயே நிற்கட்டும், மற்றப் பத்துக் குடும்பங்களுக்கும் வருமானம் 10 சதவீதம் உயரட்டும். பத்து வீடுகளிலும் கையில் கூடுதல் பணம், எந்தக் குடும்பத்துக்கும் இது நல்ல ஆண்டு. அந்தப் பத்துக் குடும்பங்களின் மொத்த வருமானம் 310, அதில் பத்து சதவீதம் 31. சராசரி 210இல் இருந்து 212.8 ஆகிறது. அதாவது 1.3 சதவீத உயர்வு, யார் கண்ணிலும் படாது. இடைநிலை 30இல் இருந்து 33க்குப் போய், நடந்ததை உள்ளபடி 10 சதவீதம் என்று காட்டுகிறது. ஒருமுறை சராசரி நடக்காததை நடந்ததாகச் சொன்னது, இன்னொரு முறை நடந்ததை மறைத்தது. எனக்கு இதில் இரண்டாவதுதான் அதிகம் உறுத்துகிறது. முதலாவதைச் சந்தேகப்பட்டுக் கேட்க ஆள் இருப்பார்கள். இரண்டாவது ஒரு நல்ல மாற்றத்தைச் சத்தமில்லாமல் காணாமல் போகச் செய்துவிடுகிறது.

வறுமைக் கோட்டிலும் இதே விஷயம் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட், ஒரு நாட்டின் இடைநிலை வருமானத்தில் 60 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்களை வறுமை அபாயத்தில் இருப்பவர்களாகக் கணக்கிடுகிறது. நம் பதினொரு வீடுகளில் 30இன் 60 சதவீதம் 18. அதற்குக் கீழே இருப்பது 14 சம்பாதிக்கும் ஒரு குடும்பம். இதையே சராசரியை வைத்துக் கோடு போட்டிருந்தால் 210இன் 60 சதவீதம், 126. பத்துக் குடும்பங்கள் ஏழைகள் ஆகிவிடும். முன்பு 75 சம்பாதித்த குடும்பம் இருந்தபோது சராசரி 35, அப்போது கோடு 21, அதற்குக் கீழே இரண்டே குடும்பம்தான். ஒரு பணக்காரர் குடிவந்ததால் எட்டுக் குடும்பங்கள் புதிதாக வறுமைக்குள் போவதாகக் காட்டும் அளவுகோல் எதற்கும் உதவாது.

இனி, கணக்கெடுப்பு வேலை செய்பவர்களுக்குத் தெரிந்த ஒரு விஷயம். நாட்டில் உள்ள எல்லாக் குடும்பங்களையும் யாரும் போய்க் கேட்பதில்லை, ஒரு மாதிரியை எடுத்துக் கேட்கிறார்கள். ஆயிரம் குடும்பங்களை எடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 999 குடும்பங்களின் சராசரி 40. ஆயிரமாவதாக 20,000 சம்பாதிக்கும் குடும்பம் ஒன்று தற்செயலாக மாதிரிக்குள் வந்துவிட்டால் சராசரி ஏறக்குறைய 60 ஆகிவிடும். அந்தக் குடும்பத்துக்குப் பதில் பக்கத்து வீட்டைத் தேர்ந்தெடுத்திருந்தால் 40. நாட்டைப் பற்றிய ஒரு எண், எந்த ஒரு கதவைத் தட்டினோம் என்பதைப் பொறுத்துப் பாதி கூடிவிடுகிறது. இடைநிலை இந்த இரண்டு நிலையிலும் வரிசையில் அடுத்த குடும்பத்துக்கு நகர்ந்தால் உண்டு, அவ்வளவுதான். ஆயிரம் பேரில் நடுப்பகுதியில் அடுத்தடுத்த குடும்பங்களின் வருமானம் மிக நெருக்கமாக இருக்கும் என்பதால் அந்த நகர்வு தெரியவே தெரியாது.

மிகப் பெரிய வருமானக்காரர்கள் கணக்கெடுப்பில் பதில் சொல்வதும் குறைவு, சொன்னாலும் குறைத்துச் சொல்வதுண்டு. சில படிவங்களில் கடைசிக் கட்டம் "ஒரு லட்சத்துக்கு மேல்" என்று திறந்தே இருக்கும். அந்தக் கட்டத்தில் இருப்பவர் ஒரு லட்சத்து ஒன்று வாங்குகிறாரா, ஒரு கோடி வாங்குகிறாரா என்று தெரியாமல் சராசரியைக் கணக்கிடவே முடியாது, யாராவது ஒரு எண்ணை அனுமானித்து எழுத வேண்டும். இடைநிலைக்கு அந்த விவரம் தேவையே இல்லை. அவர் நடுவுக்கு மேலே இருக்கிறார் என்று தெரிந்தால் போதும்.

நான் முதன்முதலில் ஒரு சிறிய வருமானக் கணக்கெடுப்பைத் தொகுத்தபோது பட்ட பாடு இதோடு சேர்ந்ததுதான். மாத வருமானம் என்ற பத்தியில் ஒருசிலர் ஆண்டு வருமானத்தை எழுதியிருந்தார்கள். நான் கவனிக்கவில்லை. நம் பதினொரு வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். பழைய வரிசையில் 30 சம்பாதிக்கும் குடும்பம் ஆண்டுக் கணக்கை எழுதிவிட்டது, 360. சராசரி 35இல் இருந்து 65க்குத் தாவும். இடைநிலை 30இல் இருந்து 34க்கு நகரும். இடைநிலைக்கும் அடி விழுகிறது, ஆனால் தாங்கக்கூடிய அடி. அன்றில் இருந்து எந்த வருமானத் தரவு கையில் வந்தாலும் முதல் வேலையாக விரிதாளில் `AVERAGE`, `MEDIAN` இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்ப்பேன். சராசரி இடைநிலையைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டினால், தரவை இறங்கு வரிசையில் வைத்து மேலே உள்ள பத்து வரிகளைக் கண்ணால் படிப்பேன். உண்மையான பணக்காரரா, தவறாக விழுந்த பூஜ்ஜியமா என்று பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

"அந்தப் பணக்காரரை நீக்கிவிட்டுச் சராசரி எடுத்தால் ஆகாதா?" என்று சிலர் கேட்பார்கள். தவறான பதிவு என்றால் நீக்கலாம், நீக்கவும் வேண்டும். உண்மையான குடும்பம் என்றால் எந்த இடத்தில் வெட்டுவது? 2,000ஐ வெட்டினால் அடுத்து 500 சம்பாதிப்பவர் ஏன் இருக்க வேண்டும் என்ற கேள்வி வரும். வெட்டும் இடத்தைத் தேர்ந்தெடுப்பவர் விடையையும் தேர்ந்தெடுக்கிறார். இடைநிலையில் யாரையும் வெளியே அனுப்ப வேண்டியதில்லை.

இடைநிலையால் முடியாதவையும் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விட்டால் பதில் அரைகுறையாகிவிடும். மொத்தத் தொகை வேண்டும் என்றால் சராசரிதான் வேண்டும். 210ஐப் பதினொன்றால் பெருக்கினால் 2,310, சரியான மொத்தம். 30ஐப் பெருக்கினால் 330, எதற்கும் ஆகாது. வரி எவ்வளவு வசூலாகும் என்று திட்டமிடுபவர் இடைநிலையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதே காரணத்தால் இடைநிலைகளை ஒன்று சேர்க்கவும் முடியாது. ஒரு பகுதியின் இடைநிலை 30, பக்கத்துப் பகுதியின் இடைநிலை 40, இரண்டும் சம அளவு என்றாலும் சேர்ந்த பகுதியின் இடைநிலை 35 என்று சொல்லிவிட முடியாது. எல்லாக் குடும்பங்களையும் மறுபடி ஒரே வரிசையில் நிறுத்தித்தான் பார்க்க வேண்டும். இந்தத் தவறு அறிக்கைகளில் அடிக்கடி கண்ணில் படுகிறது.

அதைவிடப் பெரிய குறை, நடுவுக்குக் கீழே நடப்பது இடைநிலைக்குத் தெரியாது. நம் வரிசையில் முதல் ஐந்து குடும்பங்களின் வருமானமும் பாதியாகக் குறைந்துவிட்டால் 7, 9, 10.5, 12, 13.5 என்று ஆகிவிடும். ஐந்து வீடுகளில் பெரிய துன்பம். இடைநிலை அப்போதும் 30. மேலே உள்ள இழுப்பில் இருந்து நம்மைக் காத்த அதே குணம்தான் இங்கே கண்ணை மூடிக்கொள்கிறது. அதனால் நேர்மையாக எழுத நினைப்பவர் இடைநிலையோடு இன்னும் இரண்டு எண்களைச் சேர்ப்பார்: கீழிருந்து பத்தாவது நூற்றுமானம், அதாவது நூறு குடும்பங்களில் பத்துக் குடும்பங்கள் எந்த வருமானத்துக்குக் கீழே இருக்கின்றன என்பது, அதேபோல மேலே தொண்ணூறாவது நூற்றுமானம். மூன்றும் சேர்ந்தால்தான் வரிசையின் உருவம் தெரியும்.

இரண்டு குவியல்கள் உள்ள இடத்திலும் இடைநிலை தடுமாறும். பாதிக் குடும்பங்கள் 15 அருகிலும் பாதிக் குடும்பங்கள் 60 அருகிலும் இருந்தால், நடு எங்கோ இடையில் ஆளே இல்லாத இடத்தில் விழும். அங்கே "வழக்கமான குடும்பம்" என்று ஒன்று இல்லை, இரண்டு வகை இருக்கின்றன என்று எழுதுவதுதான் சரி.

கடைசியாக, எண்ணைக் கணக்கிடும் முன்பே முடிவாகிவிடும் ஒரு விஷயம். மாதம் 40 சம்பாதிக்கும் நான்கு பேர் கொண்ட குடும்பமும், மாதம் 30 சம்பாதிக்கும் தனி ஆளும் வரிசையில் நின்றால், குடும்பம்தான் மேலே நிற்கும். வாழ்க்கைத் தரத்தில் அப்படி இல்லை. ஒரே கூரை, ஒரே அடுப்பு என்பதால் நான்கு பேருக்கு நான்கு மடங்கு செலவு ஆகாது, ஆனால் ஒரு மடங்கும் போதாது. இதற்குப் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு பயன்படுத்தும் எளிய வழி, வருமானத்தை ஆள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுப்பது. நான்கின் வர்க்கமூலம் இரண்டு, அந்தக் குடும்பத்தின் 40 இப்போது 20 ஆகிறது. தனி ஆளின் 30 அப்படியே 30. வரிசை தலைகீழாகிவிட்டது, அதோடு நடுவும் மாறும். ஆகவே எங்காவது "இடைநிலைக் குடும்ப வருமானம்" என்று படித்தால், ஆள் எண்ணிக்கைக்குச் சரிசெய்ததா, வரிக்கு முன்பா பின்பா என்று பாருங்கள். ஒரே நாட்டுக்கு ஒரே ஆண்டில் இரண்டு வேறு இடைநிலைகள் வெளியாகியிருந்தால், பெரும்பாலும் காரணம் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.